பணவீக்கம் குறைந்த பிறகும் விலை ஏன் குறையவில்லை: வெண்பலகையில் வரைந்து விளக்க ஒரு பிரதி

இலங்கையின் பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதமாக இருந்தது. 2023 செப்டெம்பரில் அது 1.3 சதவீதமாகிவிட்டது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணைக் கொண்டு கணித்து வெளியிடப்பட்ட இந்த இரண்டு எண்களும் சரியானவை. ஆனால் இரண்டாவது எண்ணைச் செய்தியில் கேட்ட பலர், சீனியும் பருப்பும் மாவும் பழைய விலைக்குத் திரும்பிவிட்டதாகவே விளங்கிக்கொண்டார்கள். கடைக்குப் போய்ப் பார்த்து, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று கண்டபோது, அரசாங்கம் பொய்க் கணக்குச் சொல்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். வன்னியில் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களிலும், உயர்தரப் பொருளியல் வகுப்புகளிலும்கூட இந்தக் குழப்பம் இன்றுவரை தீரவில்லை.

இதைத் தீர்ப்பதற்கு நீண்ட விரிவுரை தேவையில்லை. இரண்டு நிமிடமும் இருபது வினாடியும் ஓடும் ஒரு வெண்பலகைக் காணொளி போதும். ஆனால் அந்தக் காணொளியில் எந்தக் கோடு எந்தச் சொல்லோடு சேர்ந்து விழ வேண்டும் என்பதை முன்கூட்டியே வினாடிக் கணக்கில் எழுதிவைக்காவிட்டால், படமே குழப்பத்தைக் கூட்டிவிடும். முதலில் கருத்தையும், பிறகு அதற்கான பிரதியையும் இங்கே தருகிறேன்.

## மட்டமும் வேகமும்

மாரி காலத்தில் இரணைமடுக் குளத்தின் அளவுகோலைக் கவனித்தவர்களுக்கு இது எளிதாக விளங்கும். கனகராயன் ஆற்றில் வெள்ளம் வரும் ஒரு நாளில் குளத்து நீர் இரண்டு அடி ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் மழை தணிந்துவிடுகிறது. நீர் ஓர் அங்குலம் மட்டுமே ஏறுகிறது. முதல் நாளோடு ஒப்பிட்டால் ஏறும் வேகம் மிகவும் குறைந்துவிட்டது. ஆனால் குளத்தில் நீர் குறையவில்லை. நேற்று நின்ற இடத்துக்கு ஓர் அங்குலம் மேலேதான் இன்று நிற்கிறது.

அளவுகோலில் நீர் நிற்கும் இடம் மட்டம்; ஒரு நாளில் அது எவ்வளவு ஏறியது என்பது வேகம். நாட்டில் உள்ள விலைகள் எல்லாம் சேர்ந்து சராசரியாக எந்த உயரத்தில் நிற்கின்றனவோ, அதை விலைமட்டம் என்கிறோம். அந்த விலைமட்டம் ஓராண்டில் எத்தனை சதவீதம் ஏறியது என்பதே பணவீக்கம். செய்தியில் சொல்லப்படும் 69.8, 1.3 ஆகிய இரண்டும் வேகத்தின் அளவுகள். கடைக்காரர் தரும் பற்றுச்சீட்டில் இருப்பதோ மட்டம்.

இந்த ஒப்புமையை ஓர் எல்லைக்கு அப்பால் கொண்டுபோகக் கூடாது. குளத்து நீர் சிறுபோகத்துக்குத் திறந்துவிடப்படும், வெயிலிலும் வற்றும். ஆகவே மாரி முடிந்தால் மட்டம் தானாகவே இறங்கும் என்பது நம் எல்லோருக்கும் பழகிய அனுபவம். விலைமட்டத்துக்கு அப்படி ஒரு பருவம் கிடையாது. காணொளியில் குளத்தைக் காட்டி முடித்தவுடன் அதை விட்டு வெளியேறி, மீதிக் கதையை ரூபாவிலேயே சொல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். குளத்தைக் கடைசிவரை வைத்திருந்தால், எப்போது வற்றும் என்ற கேள்வி பார்ப்பவர் மனத்தில் தானாகவே எழும்.

## அந்த எண் எப்படிக் கணிக்கப்படுகிறது

ஒரு சராசரிக் குடும்பம் ஒரு மாதத்தில் வாங்கும் உணவு, எரிபொருள், உடை, மருந்து, போக்குவரத்து, வாடகை முதலியவற்றை, ஒவ்வொன்றுக்கும் செலவில் உள்ள பங்கோடு சேர்த்து ஒரு பட்டியலாக வைத்துக்கொள்கிறார்கள். இதற்கு நுகர்வுக் கூடை என்று பெயர். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் ஒவ்வொரு மாதமும் இந்தக் கூடையின் விலையைக் கணக்கிடுகிறது. ஓர் அடிப்படை ஆண்டில் அந்த விலையை 100 என்று வைத்து, பிறகு வரும் மாதங்களின் விலையை அதற்கு ஏற்ப எழுதினால் கிடைப்பது நுகர்வோர் விலைச் சுட்டெண். இந்த மாதச் சுட்டெண்ணைச் சென்ற ஆண்டின் இதே மாதச் சுட்டெண்ணோடு ஒப்பிட்டு, எத்தனை சதவீதம் கூடியிருக்கிறது என்று பார்த்தால், செய்தியில் வரும் பணவீக்க எண் கிடைக்கும்.

இங்கே முழுக் கவனமும் தேவைப்படும் இடம், ஒப்பீடு சென்ற ஆண்டின் இதே மாதத்தோடு நடக்கிறது என்பதுதான். அதற்கு முந்திய ஆண்டுகள் அந்த எண்ணுக்குள் வருவதேயில்லை. ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். 2022 செப்டெம்பரில் விலைகள் எந்த உயரத்தில் நின்றனவோ அதே உயரத்தில், ஒரு சதம் ஏறாமலும் இறங்காமலும், ஓராண்டு உறைந்து நின்றிருந்தால், 2023 செப்டெம்பரில் பணவீக்கம் எவ்வளவாக இருந்திருக்கும்? பூச்சியம். எந்தப் பொருளும் மலியவில்லை. ஒப்பிடும் மாதம் மட்டும் மலையடியிலிருந்து மலையுச்சிக்கு நகர்ந்திருக்கிறது.

இதற்கு வன்னியில் எல்லோரும் அறிந்த ஒரு பொருளையே எடுத்துக்காட்டலாம். 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே அறிவிப்பில் உயர்ந்தது. முல்லைத்தீவுக் கரையில் படகு எஞ்சினுக்கும், வயலில் நீர் இறைக்கும் இயந்திரத்துக்கும், மின்சாரம் வராத வீட்டின் விளக்குக்கும் அதுவே எரிபொருளாக இருந்தது. ஒரு நாளில் நிகழ்ந்த இந்தத் தாவல், அடுத்த பன்னிரண்டு மாதங்களின் ஆண்டு ஒப்பீட்டில் முழுமையாகவோ பகுதியாகவோ தெரிந்துகொண்டே இருக்கும். பதின்மூன்றாம் மாதத்தில் ஒப்பீட்டுக்கு எடுக்கப்படும் பழைய விலையே 340 ஆகிவிடுவதால், அந்தத் தாவல் கணக்கிலிருந்து வெளியேறிவிடும். கணக்கிலிருந்து வெளியேறினாலும் அது பணப்பையிலிருந்து வெளியேறுவதில்லை. மண்ணெண்ணெயின் விலை பின்னர் படிப்படியாகக் குறைக்கப்பட்டது உண்மைதான். ஆனால் அது 87 ரூபாவுக்குத் திரும்பவில்லை.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால், பணவீக்கம் என்பது விலைமட்டம் ஏறும் ஆண்டு வேகம். அது ஓராண்டுக்கு முன்னுள்ள புள்ளியோடு மட்டும் ஒப்பிடுகிறது. வேகம் குறைந்தது என்பதை மட்டம் குறைந்தது என்று வாசிப்பதே பிழை. காணொளி இந்த ஒரு பிழையைத் திருத்தினால் போதும். ரூபாவின் வீழ்ச்சி, பணம் அச்சிட்டது, 2021இல் இரசாயன உரத்துக்கு விதித்த தடை ஆகிய காரணங்கள் எல்லாம் வேறொரு காணொளிக்கு உரியவை. அவற்றை இதற்குள் இழுத்தால், விலைகள் ஏன் ஏறின என்ற கேள்வி, ஏன் இறங்கவில்லை என்ற கேள்வியை விழுங்கிவிடும்.

## குரலின் நேரமும் கையின் நேரமும்

வெண்பலகைக் காணொளியில் குரலும் கையும் வெவ்வேறு வேகத்தில் ஓடுகின்றன. எழுத்துத் தமிழை, புதியவர்களும் பின்தொடரும்படி நிதானமாக வாசித்தால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 90 சொற்கள் வரும். ஆங்கிலப் பிரதிகளுக்குச் சொல்லப்படும் 150 சொல் என்ற கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. தமிழ்ச் சொற்கள் வேற்றுமை உருபையும் காலத்தையும் தம்மோடு சுமந்து வருவதால் நீளமானவை. உங்கள் குரலின் வேகத்தை ஒரு நிமிடம் பதிவுசெய்து எண்ணிப் பார்த்து, அதையே கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்களிடத்தில் இந்த வேறுபாடு மிகவும் பெரிதாகிறது. 69.8 என்று பலகையில் எழுத ஒரு வினாடி போதும். ஆனால் அதைச் சொல்லும்போது ‘அறுபத்தொன்பது தசம் எட்டு’ என்று மூன்று சொற்களாகி, இரண்டு வினாடிக்கு மேல் எடுக்கிறது. ஆண்டைச் சொல்ல இன்னும் கூடுதலான நேரம் வேண்டும். பிரதியில் எண்ணை இலக்கமாக எழுதிவிட்டுச் சொற்களை எண்ணினால், பதிவின்போது ஒவ்வொரு பகுதியும் சில வினாடிகள் நீண்டு, கை முன்னே போய்க் காத்து நிற்கும். ஆகவே குரலுக்குரிய தாளில் எல்லா எண்களையும் சொல்லாகவே எழுதுங்கள். கீழே வாசிக்க வசதியாக இலக்கத்தில் தந்திருந்தாலும், நேரக் கணக்கு சொல்லாக விரித்தே போடப்பட்டிருக்கிறது.

எழுத்தில் நிலைமை நேர்மாறானது. ‘பணவீக்கம்’ என்று சொல்ல ஒரு வினாடி ஆகாது. தூரத்திலிருந்து வாசிக்கக்கூடிய அளவில் அதை மார்க்கரால் எழுத ஐந்து ஆறு வினாடிகள் வேண்டும். ஆதலால் பலகையில் சொற்களை மிகக் குறைவாக வையுங்கள்; கோடுகளும் இலக்கங்களுமே போதும். கையை நேரடியாகப் படம் பிடித்து, பிறகு வேகத்தைக் கூட்டிச் சேர்ப்பவர்கள், இரண்டு மடங்குக்கு மேல் கூட்டினால் பார்ப்பவரின் கண் கையைத் தொடர முடியாமல் தவிக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இன்னும் இரண்டு விதிகள் இருக்கின்றன. ஒரு கோடு அதற்குரிய சொல்லோடு தொடங்க வேண்டும். சொல்லுக்கு முன் தொடங்கினால், பார்ப்பவர் படத்தை ஊகிப்பதில் ஈடுபட்டுக் குரலைக் கேட்பதை நிறுத்திவிடுவார். ஒவ்வொரு பகுதியும் முடிந்த பிறகு கையும் குரலும் இரண்டு மூன்று வினாடிகள் ஓய்ந்து நிற்க வேண்டும். இந்த ஓய்வையும் பிரதியில் எழுதிவையுங்கள். எழுதாவிட்டால் தொகுக்கும்போது அதுவே முதலில் வெட்டப்படும்.

## பிரதி

மொத்த நேரம் 2 நிமிடம் 20 வினாடி. கறுப்பு, நீலம், சிவப்பு என்று மூன்று மார்க்கர்கள் வேண்டும். விலையைக் காட்டும் தூண்களை அளவுக்கு வரைய வேண்டும் என்பதால், 100 ரூபாவுக்கு 30 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம்.

முதற் பகுதி, 0:00 – 0:28

குரல்: ‘2022 செப்டெம்பரில் இலங்கையின் பணவீக்கம் 69.8 சதவீதம். ஓராண்டுக்குப் பின்னர் அது 1.3 சதவீதம். அப்படியானால் சாமான்களின் விலை குறைந்துவிட்டதா? கடைக்குப் போய் வந்தவர்கள் இல்லை என்கிறார்கள். இந்த இரண்டில் எது உண்மை?’

படம்: 0:02இல் பலகையின் இடது மேல் மூலையில் கறுப்பால் 2022. 0:06இல் அதன் கீழே 69.8%. 0:10இல் சற்று வலப்புறத்தில், அதே உயரத்தில், 2023. 0:12இல் அதன் கீழே 1.3%. இரண்டு எண்களும் ஒரே கிடைக்கோட்டில் இருக்க வேண்டும். 0:17 முதல் 0:21 வரை ஒரு சாமான் பையும் கேள்விக்குறியும். 0:25 முதல் 0:28 வரை ஓய்வு.

இரண்டாம் பகுதி, 0:28 – 0:56

குரல்: ‘ஒரு குளத்தைப் பார்ப்போம். மாரி மழையில் ஒரு நாள் நீர் இரண்டு அடி ஏறுகிறது. மறுநாள் மழை தணிகிறது. நீர் ஓர் அங்குலம் மட்டுமே ஏறுகிறது. ஏறும் வேகம் குறைந்துவிட்டது. ஆனால் குளத்து நீர் இறங்கவில்லை. நேற்று நின்ற மட்டத்துக்கு மேலேதான் இன்றும் நிற்கிறது.’

படம்: 0:28 முதல் 0:33 வரை குளக்கட்டும் அளவுகோலும் கறுப்பில். நீர் ஏறுவதற்கு முன்னுள்ள மட்டமும் அதற்குள்ளேயே ஒரு நீலக் கோடாக விழுந்துவிட வேண்டும். ‘இரண்டு அடி’ என்ற சொல்லோடு, 0:34இல், நன்றாக மேலே இரண்டாவது நீலக் கோடு. ‘ஓர் அங்குலம்’ என்ற சொல்லோடு, 0:40இல், அதற்குச் சற்று மேலே மூன்றாவது கோடு. எந்தக் கோட்டையும் அழிக்கக் கூடாது. ‘இறங்கவில்லை’ என்னும்போது மூன்றாம் கோட்டின் மேல் மார்க்கர் முனையை வைத்து அசையாமல் நிற்க வேண்டும். கடைசி மூன்று வினாடிகள் ஓய்வு.

மூன்றாம் பகுதி, 0:56 – 1:26

குரல்: ‘குளத்தை இங்கே விட்டுவிடுவோம். ஒரு குடும்பம் மாதந்தோறும் வாங்கும் சாமான்களை எடுத்துக்கொள்வோம். 2021 செப்டெம்பரில் அவற்றின் விலை 100 ரூபா என்று வைப்போம். ஓராண்டில் விலை 69.8 சதவீதம் ஏறுகிறது. அதே சாமான்களை வாங்க இப்போது 169 ரூபா 80 சதம் வேண்டும்.’

படம்: 0:56இல் குளத்தைத் துடைத்துவிட்டு, பலகையின் கீழ்ப்பகுதியில் நீளமான ஓர் அடிக்கோடு. ‘100 ரூபா’ என்னும்போது அடிக்கோட்டில் 30 சென்ரிமீற்றர் உயரத் தூண் கறுப்பில். வரைய மூன்று வினாடிகள். அடுத்ததாக, அதே 30 சென்ரிமீற்றர் உயரத்துக்கு இரண்டாம் தூணின் கீழ்ப்பகுதி கறுப்பில். ‘ஏறுகிறது’ என்ற சொல்லோடு அதன் மேல் 21 சென்ரிமீற்றர் சிவப்பில். ஏறிய பகுதி மட்டும் சிவப்பு என்பது இங்கேயே பார்ப்பவர் மனத்தில் பதிய வேண்டும். ஓய்வு மூன்று வினாடிகள்.

நான்காம் பகுதி, 1:26 – 1:57

குரல்: ‘அடுத்த ஓராண்டில் விலை 1.3 சதவீதம் ஏறுகிறது. இந்த ஏற்றம் பழைய 100 ரூபாவின் மேல் வருவதில்லை. 169 ரூபா 80 சதத்தின் மேல் வருகிறது. அது ஏறத்தாழ 2 ரூபா 20 சதம். ஆகவே அதே சாமான்களின் விலை இப்போது 172 ரூபா.’

படம்: குரல் தொடங்கியதும், இரண்டாம் தூணின் உச்சியிலிருந்து வலப்புறமாக ஒரு புள்ளிக்கோடு. அந்தப் புள்ளிக்கோட்டைத் தொடும்வரை மூன்றாம் தூண் முழுவதும் கறுப்பில். இதற்கு ஐந்து வினாடிகள் கொடுங்கள். ‘2 ரூபா 20 சதம்’ என்னும்போது, உச்சியில் ஏழு மில்லிமீற்றர் தடிப்பில் ஒரே சிவப்பு இழுப்பு. சிவப்பு விழுந்ததும் கை பலகையை விட்டு வெளியேற வேண்டும். ஓய்வு மூன்று வினாடிகள்.

ஐந்தாம் பகுதி, 1:57 – 2:20

குரல்: ‘பணவீக்கம் 69.8 சதவீதத்திலிருந்து 1.3 சதவீதமாக இறங்கியது உண்மை. விலை இறங்கவில்லை என்பதும் உண்மை. முதலாவது, விலை ஏறும் வேகம். இரண்டாவது, விலை ஏறி நிற்கும் உயரம்.’

படம்: 69.8 என்னும்போது இரண்டாம் தூணின் சிவப்புப் பகுதியை நீலத்தால் வட்டமிடுங்கள், 1.3 என்னும்போது மூன்றாம் தூணின் சிவப்பு இழுப்பை வட்டமிடுங்கள். ‘உயரம்’ என்ற சொல்லோடு, மூன்றாம் தூணின் அடியிலிருந்து உச்சிவரை பக்கவாட்டில் ஒரு நீல அளவுக்கோடு. நான்கு வினாடிகள் ஓய்வு. முடிவுச் சின்னமோ இசையோ இந்த ஓய்வுக்குள் வரக்கூடாது.

மூன்றாம் பகுதி தொடங்கியபின் பலகையில் எதுவும் அழிக்கப்படவில்லை என்பதையும், மூன்று தூண்களும் ஒரே அடிக்கோட்டில் நிற்கின்றன என்பதையும் கவனியுங்கள். கருத்தைத் தாங்குவது இந்த இரண்டும்தான்.

## எங்கே பிழைத்துப் போகிறது

இப்படியான காணொளிகளில் மிக அடிக்கடி காணும் பிழை கீழ்நோக்கிய அம்புக்குறி. ‘பணவீக்கம் குறைந்தது’ என்று குரல் சொல்லும்போது கை தன்னையறியாமல் ஒரு கீழ் அம்பை வரைந்துவிடும். அந்த அம்பு எதைக் குறிக்கிறது என்று அதன்மேல் எழுதியிருப்பதில்லை. சாமான் பைக்கு அருகில் வரையப்பட்ட கீழ் அம்பை, சாமான் மலிந்தது என்று வாசிப்பதுதான் இயல்பு. குரல் எவ்வளவு கவனமாக விளக்கினாலும், இரண்டு நாள் கழித்து நினைவில் நிற்பது அம்புதான். மேலுள்ள பிரதியில் ஓர் அம்புக்குறியும் இல்லை, 69.8ஐயும் 1.3ஐயும் ஒரே கிடைக்கோட்டில் எழுதச் சொன்னதும் இதற்காகத்தான். ஒன்றை மேலும் மற்றொன்றைக் கீழும் எழுதினால் அதுவும் ஓர் அம்பாகவே வேலை செய்யும்.

அடுத்தது, பணவீக்க எண்களையே கோட்டு வரைபடமாக வரைவது. பத்திரிகையில் வரும் அந்த வரைபடத்தில், 2022 செப்டெம்பர் ஒரு மலையுச்சியாகவும் 2023 செப்டெம்பர் அடிவாரமாகவும் தெரியும். பொருளியல் படித்தவருக்கு அது வேகத்தின் வரைபடம். படிக்காதவருக்கு அது விலை இறங்கிய மலை. அதை நீக்கிவிட்டுத் தூண்களை வரைந்தால், அதே இரண்டு எண்களும் ஒரு பெரிய படியும் ஒரு சிறிய படியுமாகக் காட்சி தரும். இரண்டு படிகளும் மேல்நோக்கியவையே என்பதைச் சொல்லாமலே விளங்கிக்கொள்ளலாம்.

தூண்களை அளவில்லாமல் வரைவதும் பெரிய தவறு. ஏழு மில்லிமீற்றர் கண்ணுக்குத் தெரியாது என்று அஞ்சி, மூன்றாம் தூணின் சிவப்பை ஐந்து சென்ரிமீற்றராக வரைந்தால், விலை மீண்டும் கடுமையாக ஏறியது என்ற புதிய பொய்யைச் சொல்லிவிடுகிறோம். அது சிறிதாகத் தெரிய வேண்டும். அது சிறிதாக இருப்பதே 1.3 என்பதன் பொருள்.

காணொளி வேலை செய்கிறதா என்று அறிய ஒரு கேள்வி போதும். பொருளியல் படிக்காத ஒருவருக்கு அதைக் காட்டி முடித்து, சிறிது நேரம் வேறு எதையாவது பேசிவிட்டு, ‘2023 செப்டெம்பரில் அதே சாமான்களுக்கு 2022ஐ விடக் கூடக் கொடுத்திருப்பார்களா, குறையக் கொடுத்திருப்பார்களா?’ என்று கேளுங்கள். ‘விளங்கிச்சுதா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு மரியாதைக்காகவே ஓம் என்றுதான் பதில் வரும். ‘குறைய’ என்று பதில் வந்தால், எந்தப் படம் நினைவிருக்கிறது என்று அடுத்ததாகக் கேளுங்கள். குளம் மட்டும் நினைவிருப்பதாகச் சொன்னால், இரண்டாம் பகுதி நீண்டுவிட்டது என்று பொருள்; அதில் ஐந்து வினாடிகளை எடுத்து நான்காம் பகுதிக்குக் கொடுங்கள்.

## எந்தச் சுட்டெண்ணைப் பயன்படுத்துவது

மேலே எடுத்தவை கொழும்புச் சுட்டெண்ணின் எண்கள். அதன் கூடை கொழும்பு நகர்ப்புறக் குடும்பங்களின் செலவைக் கொண்டு அமைந்தது. எல்லா மாகாணங்களையும் சேர்த்த தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் தனியாக வெளிவருகிறது. அதன்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 73.7 சதவீதம். வன்னியில் உள்ளவர்களுக்குக் காட்டும்போது தேசிய எண்ணைப் பயன்படுத்த விரும்பினால் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் தொடக்கம் முதல் முடிவுவரை அதிலேயே நிற்க வேண்டும். 73.7இல் தொடங்கி 1.3இல் முடித்தால், ஒரு கூடையின் ஏற்றத்தின் மேல் வேறொரு கூடையின் ஏற்றத்தைக் கட்டியதாகிவிடும்.

கொழும்புச் சுட்டெண்ணுக்குள்ளேயும் ஒரு சிறு மாற்றம் நிகழ்ந்தது. 2023 தொடக்கத்தில் அதன் அடிப்படை ஆண்டு 2013இலிருந்து 2021ஆக மாற்றப்பட்டு, கூடையும் புதுப்பிக்கப்பட்டது. ஆகவே இரண்டு ஆண்டு எண்களையும் அடுக்கிப் பெற்ற 172 ரூபா, கருத்தை விளக்கப் போதுமான, ஏறத்தாழச் சரியான தொகை. அதன் தசமங்களில் தொங்க வேண்டியதில்லை.

எந்தச் சுட்டெண்ணை எடுத்தாலும் அது சராசரி. வாடகை வீடு இல்லாத, ஆனால் வருமானத்தின் பெரும்பகுதி உணவுக்கும் எரிபொருளுக்கும் போகிற ஒரு விசுவமடுக் குடும்பத்தின் கூடை, இந்தச் சராசரியைப் போல் இராது. 2022 செப்டெம்பரில் கொழும்புச் சுட்டெண்ணின் உணவுப் பகுதி மட்டும் 94.9 சதவீதம் ஏறியிருந்தது. வருமானத்தில் எவ்வளவு பங்கு சோற்றுக்கும் கறிக்கும் போகிறதோ, அந்த அளவுக்கு ஒருவருடைய சொந்தப் பணவீக்கம் 94.9ஐ நோக்கி நெருங்கியிருக்கும்.

## பூச்சியத்துக்குக் கீழே

விலைமட்டம் உண்மையாகவே இறங்கிய காலமும் உண்டு. 2024 செப்டெம்பரில் கொழும்புச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் −0.5 சதவீதமாகியது. இப்படிப் பூச்சியத்துக்குக் கீழே போகும் நிலையைப் பணச்சுருக்கம் என்கிறோம். நமது பலகையில் நான்காம் தூண் ஒன்றை வரைந்தால், 172 ரூபாவிலிருந்து ஏறத்தாழ 171 ரூபாவுக்கு இறங்கும். உயரத்தில் மூன்று மில்லிமீற்றர் குறைவு. பழைய 100 ரூபாவுக்கு வர வேண்டுமானால் −0.5 போதாது, 172இல் 72 ரூபா குறைய வேண்டும், அதாவது ஏறத்தாழ −42 சதவீதம். எந்த நாட்டின் மத்திய வங்கியும் அதை இலக்காக வைக்காது. விலைகள் அப்படிச் சரியும் நாட்டில் கூலியும் நெல் விலையும் சேர்ந்தே சரியும். ஆனால் வங்கியில் எடுத்த கடனின் தொகை மட்டும் அப்படியே நிற்கும்.

இலங்கை மத்திய வங்கியின் இன்றைய இலக்கு 5 சதவீதப் பணவீக்கம். பணவீக்கத்தைக் கட்டுப்படுத்துவோம் என்று அவர்கள் சொல்லும்போது, தூண்கள் ஆண்டுக்கு ஒரு சிறு படி ஏறிக்கொண்டே இருக்கும்படி பார்த்துக்கொள்வோம் என்றுதான் சொல்கிறார்கள். 2021ஆம் ஆண்டின் விலையை மீட்டுத் தருவதாக அவர்கள் சொல்லவில்லை. சங்கக் கூட்டங்களில் இதை நேராகச் சொல்லிவிடுவது நல்லது என்று நான் நினைக்கிறேன். பழைய விலை வரும் என்று காத்திருப்பவர், அந்தக் காத்திருப்பில் கூலிப் பேச்சையும் விற்பனை விலையையும் தள்ளிப்போட்டுவிடுகிறார்.

## கூலித் தூண்

விலை இறங்காது என்றால், ஒரு குடும்பம் பார்க்க வேண்டிய எண் எது? அது தன் வருமானம் ஏறிய அளவு. இதற்கு இரண்டாவது காணொளி ஒன்றை, நாற்பது வினாடிக்குள், அதே பலகையில் தொடர்ந்து செய்யலாம். 2021இல் ஒருவரின் வருமானம் அந்தச் சாமான்களைச் சரியாக வாங்கப் போதுமான 100 ரூபா என்று வைப்போம். 2023இல் அவர் வருமானம் 140 ரூபாவாகியிருந்தால், அதை 42 சென்ரிமீற்றர் உயரமான நீலத் தூணாக, 172 ரூபாத் தூணை ஒட்டி வரையுங்கள். இரண்டு உச்சிகளுக்கும் இடையில் ஏறத்தாழ பத்துச் சென்ரிமீற்றர் வெறுமையாக நிற்கும். 140ஐ 172ஆல் வகுத்தால் 0.81, முன்பு வாங்கிய சாமான்களில் 81 சதவீதத்தையே அவர் இப்போது வாங்க முடியும். வருமானம் 40 சதவீதம் கூடியும் வாழ்க்கை சுருங்கியிருக்கிறது.

இந்தப் பகுதியில் நீலத் தூணை முழுவதும் வரைந்து முடிப்பதற்கு முன், கையை நிறுத்தி, ஐந்து வினாடிகள் காத்திருங்கள். வகுப்பில் காட்டுவதானால் காணொளியையும் அந்த இடத்தில் நிறுத்தி, ஒவ்வொருவரும் தம் வீட்டு வருமானத்துக்கு அந்தத் தூண் எவ்வளவு உயரம் வரும் என்று 30 சென்ரிமீற்றருக்கு 100 என்ற அதே அளவில் கணக்கிட்டு, தம் கொப்பியில் வரையச் செய்யுங்கள்.